ஏற்காடு மலைப்பாதையில் படம் எடுத்து அனுப்புகிறவர்களுக்கு ஒரு திறந்த மடல்

அன்புள்ள நண்பர்களுக்கும், அந்தப் படங்களைப் பார்த்து நடவடிக்கை எடுக்கும் காவல்துறையினருக்கும்,

வணக்கம். நான் சேலம் கோரிமேட்டில் இருக்கிறேன். சாலையில் கோடு போடும் வேலையில் மேற்பார்வையாளராகப் பல வருஷம் இருந்தவன். நூல் பிடித்து, சுண்ணாம்பால் புள்ளி வைத்து, அப்புறம் தெர்மோபிளாஸ்டிக்கைக் காய்ச்சி ஊற்றுவதுவரை எல்லாம் பக்கத்தில் நின்று பார்த்திருக்கிறேன். அதனால் சாலைப் படம் ஒன்று கைக்கு வந்தால் என் கண் முதலில் வண்டிக்குப் போகாது, கோட்டுக்குத்தான் போகும்.

அடிவாரத்திலிருந்து ஏற்காட்டுக்கு ஏறும் பாதையில் 20 கொண்டை ஊசி வளைவுகள். சனி, ஞாயிறு வந்தால் வெளியூர் வண்டிகள் வரிசையாக ஏறுகின்றன. யாராவது தாறுமாறாக முந்தினால் பின்னால் வருகிறவர் படம் எடுக்கிறார், குழுக்களில் போடுகிறார், காவல்துறைக்கும் அனுப்புகிறார். இது நடக்க வேண்டும் என்றே நினைக்கிறேன். மலைப்பாதையில் எதிரே வருகிறவனுக்கு ஒதுங்க இடம் கிடையாது. ஒரு பக்கம் பாறை, ஒரு பக்கம் பள்ளம். ஆனால் அந்தப் படங்களோடு வரும் வரி பெரும்பாலும் ஒன்றுதான்: ‘முழுக்கோட்டைத் தாண்டிவிட்டான்.’ படத்தில் இருப்பது இடைவெளி விடாமல் போட்ட, முந்தக் கூடாது என்று சொல்லும் முழுக்கோடுதானா என்பதை யாரும் நிதானமாகப் பார்ப்பதில்லை. அதை எப்படிப் பார்ப்பது என்று சொல்லத்தான் இந்த மடல்.

அண்மையில் எங்கள் பக்கத்துக் குழுக்களில் ஒரு படம் சுற்றியது. எந்த வளைவு, என்ன வண்டி எண் என்று இங்கே எழுதப் போவதில்லை. அந்த ஓட்டுநர் இந்த ஊர்க்காரர்; அவர் பிழைப்பு அதில் இருக்கிறது. ஏறும் திசையில், இரண்டு வளைவுகளுக்கு நடுவே ஒரு நேர்ப்பகுதி. இடது பக்கம் மூட்டை ஏற்றிய டெம்போ மெதுவாக ஏறுகிறது. அதற்கு வலது பக்கத்தில், சாலையின் அடுத்த பாதியில், ஒரு சுற்றுலா வேன். பின்னால் வந்த காரின் முன்சீட்டிலிருந்து எடுத்த படம். நடுவில் வெள்ளைக் கோடு, படத்தின் கீழ்ப்பக்கத்திலிருந்து வேனின் சக்கரம்வரைக்கும், அதைத் தாண்டி வளைவுவரைக்கும், ஒரே நீளமாகப் போகிறது. பார்த்தவுடன் யாருக்கும் அது முழுக்கோடுதான். கீழே திட்டித் தீர்த்திருந்தார்கள்.

நான் படம் எடுத்தவரிடம் அசல் கோப்பைக் கேட்டு வாங்கினேன். நல்ல மனிதர், உடனே அனுப்பினார். அதைப் பெரிதாக்கிப் பார்த்தபோது கதை வேறாக இருந்தது.

ஏன் வேறாகிறது என்பதைக் கொஞ்சம் விளக்க வேண்டும், ஏனென்றால் மற்றதெல்லாம் இதன் மேல்தான் நிற்கிறது. காரின் முன்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் கையில் உள்ள போன் சாலையிலிருந்து சுமார் 1.2 மீட்டர் உயரத்தில் இருக்கும். அங்கிருந்து சாலையைக் கிட்டத்தட்டப் படுக்கையாகத்தான் பார்க்கிறோம். அப்படிப் பார்க்கும்போது குறுக்கு அளவும் நெடுக்கு அளவும் ஒரே மாதிரி சுருங்குவதில்லை. தூரம் இரண்டு மடங்கானால் கோட்டின் அகலம் படத்தில் பாதியாகும். ஆனால் கோட்டுக்கும் கோட்டுக்கும் நடுவில் உள்ள இடைவெளியின் நீளம் கால்வாசியாகிவிடும். தூரம் மூன்று மடங்கானால் அகலம் மூன்றில் ஒன்று. இடைவெளி ஒன்பதில் ஒன்று. அதாவது தூரம் போகப் போக, கோடு மறைவதற்கு வெகு முன்பே அதன் இடைவெளி மறைந்துவிடுகிறது. விட்டு விட்டுப் போட்ட கோடு முழுக்கோடாகத் தெரிவதற்கு இதுதான் காரணம். கண் ஏமாறுவது இல்லை இது. படத்திலேயே அந்த இடைவெளிக்கு இடம் இல்லை.

கணக்காகவே பார்க்கலாம். 4000 பிக்சல், அதாவது 4000 புள்ளி அகலமுள்ள சாதாரண போன் படம், பெரிதாக்காமல் எடுத்தது என்று வைத்துக்கொள்வோம். இடைவெளி 6 மீட்டர் என்று கொள்வோம். நம்மிலிருந்து 10 மீட்டரில் தொடங்கும் இடைவெளி படத்தில் ஏறக்குறைய 135 புள்ளி உயரம் இருக்கும். யாரும் தவற விட முடியாது. 50 மீட்டரில் அதே இடைவெளி வெறும் 8 புள்ளி. 100 மீட்டரில் 2 புள்ளி. இது அசல் படத்தில். குழுவில் அனுப்பும்போது படம் 1600 புள்ளி அகலத்துக்குச் சுருங்கினால், 50 மீட்டரில் இருந்த 8 புள்ளி 3 ஆகிவிடும். அதையும் சுருக்கும் முறை சேர்த்து மெழுகிவிடும். 100 மீட்டரில் ஒரு புள்ளிகூட மிஞ்சாது. பத்துப் பேர் கைமாறி வந்த படத்தில் 40, 50 மீட்டருக்கு அப்பால் உள்ள எந்தக் கோட்டைப் பற்றியும் ‘முழுக்கோடு’ என்று யாரும் சத்தியம் செய்ய முடியாது.

சரி, அந்த வேன் படத்துக்கு வருவோம்.

அசல் படத்தின் கீழ்ப்பகுதியில், காரின் பானட்டுக்கு மேலே, இரண்டு கோட்டுத் துண்டுகள் தெளிவாக இருந்தன. துண்டின் முனை நேராக, சதுரமாக வெட்டியது போல. அப்புறம் கறுப்பாகத் தார். அப்புறம் அடுத்த துண்டு, அதே நேர்முனையோடு. ஆக, கார் நின்ற இடத்தில் கோடு விட்டு விட்டுத்தான் போடப்பட்டிருக்கிறது. இனிக் கேள்வி, அது எங்கே முழுக்கோடாக மாறுகிறது, அந்த இடத்துக்கு இந்தப் பக்கம் வேன் இருக்கிறதா, அந்தப் பக்கமா என்பதுதான்.

இதற்கு ஒரு எளிய அளவு உண்டு. அளவுகோலும் பென்சிலும் போதும். படத்தில் சாலையின் இடது ஓரத்தையும் நடுக்கோட்டையும் நேராக நீட்டிக்கொண்டு போனால் தூரத்தில் இரண்டும் ஒரு புள்ளியில் சேரும். வளைவு தொடங்கும் முன் உள்ள நேர்ப்பகுதியை மட்டும்தான் நீட்ட வேண்டும். சேரும் அந்தப் புள்ளியிலிருந்து கீழ்நோக்கி அளந்தால், ஒரு பொருள் எவ்வளவு கீழே இருக்கிறதோ அவ்வளவு நமக்குப் பக்கம். பாதி அளவு கீழே இருந்தால் இரண்டு மடங்கு தூரம். கால் அளவு என்றால் நாலு மடங்கு. அந்தப் படத்தில் முதல் துண்டின் முனை சேரும் புள்ளியிலிருந்து 360 புள்ளி கீழே இருந்தது. மேலே சொன்ன உயரத்துக்கு அது சுமார் 10 மீட்டர் என்று வரும். வேனின் பின்சக்கரம் தரையைத் தொடும் இடம் 90 புள்ளி. அப்படியானால் 40 மீட்டர். கோட்டில் கடைசியாக இடைவெளி தெரிந்த இடம் 60 புள்ளி, 60 மீட்டர். அதற்கு மேல் எவ்வளவு பெரிதாக்கினாலும் வெள்ளை அறுபடவே இல்லை. அந்தத் தூரத்தில் அசல் படத்தில் 6 மீட்டர் இடைவெளி இருந்திருந்தால் 5 புள்ளியாவது, அதில் பாதி நீளமே இருந்தாலும் 2, 3 புள்ளியாவது தெரிய வேண்டும். முன்னால் இருந்த இடைவெளிகள் அப்படித் தெரிந்தன, இங்கே தெரியவில்லை. ஆகவே முழுக்கோடு அங்கேதான் தொடங்குகிறது என்று ஓரளவு நம்பிச் சொல்லலாம்.

இந்த அளவைச் சரிபார்க்க மெனக்கெட வேண்டியதில்லை. ஒரு துண்டின் தொடக்கத்திலிருந்து அடுத்த துண்டின் தொடக்கம்வரை எத்தனை மீட்டர் என்று அந்த இடத்திலேயே ஓரமாக நின்று ஒரு முறை அளந்துகொண்டால், படத்தில் துண்டுகளை எண்ணியே தூரம் சொல்லிவிடலாம். கேமரா உயரம் எவ்வளவு என்ற ஊகம்கூடத் தேவைப்படாது. இரண்டு வழியிலும் கிட்டத்தட்ட ஒரே விடை வந்தால் நம்பலாம். மிகவும் விலகினால் அந்தப் பகுதியில் சாலையின் ஏற்றம் நடுவில் மாறுகிறது என்று அர்த்தம். அப்போது இந்த அளவு முறை செல்லாது, எண்ணுவது மட்டும்தான் செல்லும்.

ஆக, படம் எடுத்த நொடியில் வேன் முழுக்கோட்டின் மேல் இல்லை. முந்துவதற்கு இடம் கொடுக்கும் கோட்டின் மேல்தான் இருந்தது. குழுவில் எழுதிய வரி தவறு.

அதற்காக ஓட்டுநர் செய்தது சரி என்றும் ஆகிவிடாது. இதையும் அழுத்தமாகச் சொல்ல வேண்டும். வேனின் பின்சக்கரத்திலிருந்து முழுக்கோடு தொடங்கும் இடத்துக்கு 20 மீட்டர்தான். மணிக்கு 30 கிலோமீட்டரில் போனால் இரண்டரை விநாடிகூட இல்லை. டெம்போ இன்னும் வேனுக்குப் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த இரண்டரை விநாடிக்குள் அதைத் தாண்டி இடது பக்கம் வந்துவிட்டாரா? ஒரு படம் இதற்குப் பதில் சொல்லாது. முந்த ஆரம்பிக்கும்போது கோடு விட்டு விட்டு இருந்தது என்பது போதாது. முழுக்கோடு வருவதற்குள் முந்தி முடித்திருக்க வேண்டும். மூன்று விநாடி கழித்து எடுத்த இன்னொரு படம் இருந்திருந்தால் விஷயம் அங்கேயே முடிந்திருக்கும். குற்றம் சுமத்துவதற்கும் சரி, விடுவிப்பதற்கும் சரி.

இந்த வித்தியாசம் சின்னது அல்ல. சட்டத்துக்கு முரணாக முந்துவதை 2019 திருத்தத்துக்குப் பிறகு மோட்டார் வாகனச் சட்டத்தின் 184ஆம் பிரிவு ஆபத்தான ஓட்டுதலில் சேர்த்திருக்கிறது. முதல் தடவையே 1000 ரூபாயிலிருந்து 5000 ரூபாய்வரை அபராதம், அல்லது ஆறு மாதத்திலிருந்து ஒரு வருடம்வரை சிறை, அல்லது இரண்டும். 177அ பிரிவில் வரும் சாதாரண ஓட்டுதல் விதிமீறலுக்கு 500 முதல் 1000 ரூபாய் அபராதம். எந்தப் பிரிவு என்பதற்கு ஒரு படத்தில் உள்ள கோடு ஆதாரமாகப் போகிறது என்றால், அந்தக் கோட்டை ஒழுங்காகப் படித்திருக்க வேண்டும்.

இன்னொன்றும் அந்த அசல் படத்தில் இருந்தது. முழுக்கோடு தொடங்குவதற்கு முன்னால் சில துண்டுகள் மற்றவற்றைவிட நீளமாகவும், நடுவில் உள்ள இடைவெளி குட்டையாகவும் இருந்தன. இது பெயின்ட் போட்டவர் கை தவறியது இல்லை. இந்தியச் சாலைகள் காங்கிரஸின் ஐ.ஆர்.சி. 35 என்ற விதிநூலில், 2015இல் திருத்தி வெளியிட்டதில், எச்சரிக்கைக் கோடு என்றே இதற்குத் தனி இடம் உண்டு. சாதாரண நடுக்கோட்டில் துண்டைவிட இடைவெளி நீளம். எச்சரிக்கைக் கோட்டில் அது தலைகீழ்: துண்டு நீளம், இடைவெளி குறைவு. ‘முன்னால் முந்தக் கூடாத பகுதி வருகிறது, இப்போது ஆரம்பிக்காதே’ என்று ஓட்டுநருக்குச் சொல்வது அது. வேன் இருந்தது இந்தப் பகுதியில்தான். ஓட்டுநர் மேல் நியாயமாகக் கேட்க வேண்டிய கேள்வி இதுதான். முழுக்கோட்டைத் தாண்டினாயா என்பது இல்லை, எச்சரிக்கைக் கோட்டில் ஏன் முந்திக்கொண்டிருந்தாய் என்பது. படத்தில் எச்சரிக்கைக் கோடுதான் முதலில் முழுக்கோடாக வேஷம் போடும். இடைவெளி ஏற்கெனவே குறைவு, தூரத்தில் அதுவும் சுருங்கிவிடும்.

இரட்டைக் கோடுகளில் இன்னும் பெரிய குழப்பம் நடக்கிறது. இரண்டும் முழுக்கோடாக இருந்தால் இரு திசைக்கும் தடை, அதில் பிரச்சினை இல்லை. ஒன்று முழுக்கோடு, பக்கத்தில் இன்னொன்று விட்டு விட்டு என்று இருக்கும் ஜோடிதான் சிக்கல். மலைப்பாதையில் அப்படிப் போடுவதற்குக் காரணம் உண்டு. வளைவை நோக்கிப் போகிறவருக்கு எதிரே வருவது தெரியாது; அதே இடத்தில் வளைவிலிருந்து வெளியே வந்துவிட்டவருக்கு முன்னால் நேர்ச்சாலை நன்றாகத் தெரியும். ஒருவருக்குத் தடை, மற்றவருக்கு இடம். அவரவர் ஓட வேண்டிய பாதிக்கு எந்தக் கோடு பக்கமோ அதுதான் அவருக்குச் சட்டம்.

படத்தில் தவறு நடப்பது இங்கேதான். முந்திக்கொண்டிருக்கும் வண்டி ஏற்கெனவே வலது பாதிக்குப் போய்விட்டது. பார்ப்பவர் அதன் சக்கரத்துக்குப் பக்கத்தில் உள்ள கோட்டைப் பார்த்து முடிவு செய்கிறார். அந்தக் கோடு எதிரே வருகிறவருக்கானது. இந்த வண்டிக்கான கோடு, அது இருந்திருக்க வேண்டிய இடது பாதியை ஒட்டிய கோடு. பின்னாலிருந்து எடுத்த படம் என்றால் ஜோடியில் இடது பக்கக் கோட்டைப் பாருங்கள். வண்டி நம்மை நோக்கி வருவதை முன்னாலிருந்து எடுத்திருந்தால் அதன் இடது பாதி படத்தின் வலது பக்கத்தில் இருக்கும், அதனால் வலது பக்கக் கோடு. செல்பி கேமராவில் எடுத்த படமாக இருந்தால் இதற்கும் முன்னால் ஒரு வேலை உண்டு: நம்பர் பிளேட்டோ கடைப் பலகையோ நேராகப் படிக்க வருகிறதா என்று பாருங்கள். எழுத்து தலைமாறி இருந்தால் இடது, வலது எல்லாமே மாறியிருக்கிறது.

தூரத்தில் இந்த ஜோடி ஒன்றாகச் சேர்ந்து ஒரே தடித்த கோடாகத் தெரியும். அப்போதும் ஒரு வழி இருக்கிறது. கோட்டின் தடிமனைப் பாருங்கள். தடித்து, மெலிந்து, மறுபடி தடித்து என்று போனால் அது ஒற்றைக் கோடு இல்லை. மெலிந்த இடமெல்லாம் விட்டு விட்டுப் போட்ட கோட்டின் இடைவெளி. எந்த விளிம்பு வழுவழுவென்று நேராகப் போகிறதோ அந்தப் பக்கம் முழுக்கோடு. எந்த விளிம்பு ரம்பம் மாதிரி பல்லுப் பல்லாக இருக்கிறதோ அந்தப் பக்கம் விட்டு விட்டுப் போட்டது. கோடு போடுகிற இடத்தில் நின்றவர்கள் இதைத் தூரத்திலிருந்தே சொல்லிவிடுவார்கள். பழகினால் யாருக்கும் வரும்.

தேய்மானத்தையும் சொல்லிவிடுகிறேன், ஏனென்றால் எதிர்த்திசைத் தவறு இதனால் வருகிறது: முழுக்கோட்டை விட்டு விட்டுப் போட்ட கோடு என்று வாதாடுகிறார்கள். கொண்டை ஊசி வளைவின் உள்பக்கத்தில் லாரியும் பஸ்ஸும் பின்சக்கரத்தை அறுத்துக்கொண்டுதான் திரும்பும். அங்கே கோடு திட்டுத் திட்டாக உரிந்துபோகும். பக்கத்தில் போய்ப் பார்த்தால் உரிந்த இடத்தின் ஓரம் கந்தலாக இருக்கும். தார்ச் சல்லியின் குழிகளுக்குள் வெள்ளை இன்னும் ஒட்டிக்கொண்டிருக்கும். ஒரு திட்டு அரை மீட்டர், அடுத்தது இரண்டு மீட்டர் என்று நீளம் ஒன்றுக்கொன்று ஒத்துப்போகாது. வேண்டுமென்றே விட்ட இடைவெளியில் இது எதுவும் இருக்காது. முனை நேராக இருக்கும், தார் சுத்தமாக இருக்கும், ஒவ்வொரு இடைவெளியும் ஒரே நீளம். படத்தில் இதைப் பார்க்க முதல் இரண்டு, மூன்று துண்டுகள்வரைதான் முடியும். அதனால்தான் படத்தின் கீழ்ப்பகுதியை வெட்டாதீர்கள் என்று கேட்கிறேன். வண்டி பெரிதாகத் தெரியட்டும் என்று எல்லோரும் முதலில் வெட்டி எறிவது அதைத்தான்.

நிறத்தை நம்பி எதுவும் எழுத வேண்டாம். அழுக்கேறிய மஞ்சள் படத்தில் வெள்ளையாகும், மாலை வெயிலில் வெள்ளை மஞ்சளாகும், தெருவிளக்கில் இரண்டும் ஒன்றாகும். மழைக்காலப் படங்களிலும் கவனம் வேண்டும். தெர்மோபிளாஸ்டிக்கின் மேல் தூவும் பொடிக் கண்ணாடி மணிகள்தான் இரவில் ஹெட்லைட் வெளிச்சத்தை ஓட்டுநர் பக்கமே திருப்பி அனுப்புகின்றன. அதன் மேல் தண்ணீர் படலமாக நின்றால் வெளிச்சம் வேறு பக்கம் போய்விடும். கோடு இருந்தும் படத்தில் இருக்காது. அதே நேரத்தில் எதிரே வருகிற வண்டியின் விளக்கு ஈரச் சாலையில் நீளமாகப் பிரதிபலித்து, இல்லாத ஒரு முழுக்கோட்டைக் காட்டும். மேலே பனிமூட்டம் இறங்கும் நாட்களில் எடுத்த படங்களைக் கோட்டுக்கு ஆதாரமாக வைக்காமல் இருப்பதே நல்லது.

அம்புக்குறிகள் மலையில் குறைவு, ஊருக்குள் இறங்கினால்தான் அதிகம். அஸ்தம்பட்டி பக்கமோ ஐந்து ரோடு பக்கமோ சந்திப்புக்கு முன்னால் எடுத்த படங்களில் ஒன்றை மட்டும் கவனியுங்கள். அம்பு அந்தத் தடத்தில் போகிறவருக்காகப் போடப்பட்டது. அவர் தாழ்வான கோணத்தில் பார்ப்பார் என்பதற்காக நெடுக்கில் இழுத்து நீளமாகப் போட்டிருப்பார்கள். மேம்பாலத்தின் மேலிருந்தோ மாடியிலிருந்தோ எடுத்தால் வால் மட்டும் பெரிதாகத் தெரிந்து, தலை எந்தப் பக்கம் திரும்புகிறது என்பது மங்கிப்போகும். எதிரேயிருந்து எடுத்தால் வலது பக்கம் திரும்பும் அம்பு படத்தில் இடது பக்கம் காட்டும். படத்தைத் தலைகீழாகத் திருப்பி, அந்தத் தடத்தில் வருகிறவரின் கண்ணால் பார்த்துவிட்டு எழுதுங்கள். ஒரே தடத்தில் பழைய அம்பின் தழும்பும் புதிய அம்பும் சேர்ந்து தெரிந்தால், விளிம்பு கூர்மையாக உள்ளதுதான் இப்போதைய அம்பு.

பஸ் படங்களில் வரும் ஒரு தவறையும் சொல்லாமல் விட முடியவில்லை. இடது ஓரத்தில் நின்று, இடது பாதியில் ஒழுங்காகப் போகிற பஸ்ஸைப் படம் எடுத்தால் அதன் உயரமான உடம்பு அதற்கு அந்தப் பக்கம் உள்ள நடுக்கோட்டை மறைத்துவிடும். படத்தில் பஸ் கோட்டின் மேலேயே போவது போல இருக்கும். உடம்பைப் பார்க்காதீர்கள், கண்ணாடியைப் பார்க்காதீர்கள். டயர் தரையைத் தொடும் இடம் தெரிகிறதா, அந்த இடத்தில் கோடு தெரிகிறதா, இரண்டு மட்டும்தான் கேள்வி. இரண்டில் ஒன்று மறைந்திருந்தால் அந்தப் படம் எதையும் நிரூபிக்காது.

இனி நான் கேட்டுக்கொள்வது. வண்டி ஓட்டுகிறவர் படம் எடுக்கவே கூடாது. பக்கத்தில் இருப்பவர் எடுக்கட்டும். ஒன்று போதாது, சில விநாடி இடைவெளியில் இரண்டு, மூன்று எடுங்கள். போனைக் கொஞ்சம் உயர்த்திப் பிடிக்க முடிந்தால் இன்னும் நல்லது. உயரம் இரண்டு மடங்கானால் படத்தில் இடைவெளியும் இரண்டு மடங்காகத் தெரியும். இந்த விஷயத்தில் நம் மலைப்பாதை நமக்குக் கொடுக்கும் வசதி வேறு எந்தச் சாலையிலும் கிடையாது. மேல் வளைவில் பத்திரமான இடத்தில் வண்டியை நிறுத்தி, கீழே உள்ள சாலையை எடுத்தால், 20 மீட்டர் உயரத்திலிருந்து 60 மீட்டர் தள்ளியிருக்கும் 6 மீட்டர் இடைவெளி ஏறக்குறைய 90 புள்ளி உயரத்துக்குத் தெரியும். காருக்குள்ளிருந்து எடுத்தால் அதே இடைவெளி 5 புள்ளிதான். வண்டிக்கு முன்னால் என்ன இருக்கிறது என்பதும் சட்டகத்துக்குள் வரட்டும். மழைக்குப் பிறகு பாறை சரிந்து பாதிச் சாலையை அடைத்துக்கொண்டிருந்தால் எல்லோரும் கோட்டைத் தாண்டித்தான் ஆக வேண்டும். அந்தப் பாறை இல்லாத படம் அநியாயமான படம். கோடை விழா நேரத்தில் போக்குவரத்தை ஒருவழியாக்கி, இறங்குகிறவர்களைக் குப்பனூர் வழியாகத் திருப்பிவிட்டிருந்தால், அதையும் எழுதுங்கள். அன்றைக்கு அந்த நடுக்கோட்டுக்கு மற்ற நாளின் அர்த்தம் இல்லை.

அனுப்பும்போது படமாக அனுப்பாமல் ஆவணமாக, ‘Document’ என்று தேர்ந்தெடுத்து அனுப்புங்கள். அப்படி அனுப்பினால் படம் சுருங்காது. வெட்டாதீர்கள், மேலே வட்டம் போடாதீர்கள், பளிச்சென்று ஆக்குகிற எதையும் செய்யாதீர்கள்.

காவல்துறையினருக்கு இரண்டு வேண்டுகோள். குழுக்களில் சுற்றி வந்த படத்தை வைத்துக் கோட்டைப் பற்றி முடிவு செய்யாமல், எடுத்தவரிடம் அசல் கோப்பைக் கேளுங்கள். அசலிலும் வண்டியின் டயர் இருக்கும் இடத்தில் கோடு என்ன வகை என்று தெளிவாகத் தெரியாவிட்டால், அந்த இடத்துக்கு ஒருவரை அனுப்பி முழுக்கோடு தொடங்கும் இடத்தைப் பக்கத்தில் உள்ள கிலோமீட்டர் கல்லிலிருந்து அளந்து எழுதிவரச் சொல்லுங்கள். 20 வளைவுக்கும் ஒரே தடவை எழுதி வைத்துவிட்டால் அடுத்து சாலையைப் புதுப்பிக்கும்வரை அந்தக் குறிப்பு உதவும். வருகிற ஒவ்வொரு படத்தையும் அதோடு ஒப்பிட்டுப் பார்க்கலாம். அந்த அளவை எடுக்க ஆள் குறைவு என்றால் நான் டேப்போடு வரத் தயாராக இருக்கிறேன். வார நாளில், காலை வெயில் ஏறுவதற்குள், போக்குவரத்து குறைவான நேரத்தில் செய்துவிடலாம்.

அந்த வேன் ஓட்டுநரைப் பற்றிய பதிவு இன்னும் அப்படியே இருக்கிறது. அதைப் போட்டவர்களிடம் கேட்கிறேன்: ‘முழுக்கோட்டைத் தாண்டினார்’ என்பதை எடுத்துவிட்டு, ‘எச்சரிக்கைக் கோட்டில் முந்தினார், முந்தி முடித்தாரா என்பது படத்தில் இல்லை’ என்று மாற்றுங்கள். அசல் படத்தையும் கூடவே வையுங்கள்.

இப்படிக்கு,
கோரிமேட்டிலிருந்து, சாலைக்குக் கோடு போட்டவன்